வராத கேஷ்பேக்கை வரவழைக்கும் கடிதம்

தீபாவளி விற்பனைப் பக்கத்தில் ஒரு வாஷிங் மெஷினின் விலைக்குக் கீழே இரண்டு விதமான சலுகைகளைப் பார்க்கலாம். ‘உடனடித் தள்ளுபடி’ என்று இருந்தால், கார்டு எண்ணைப் போட்டதுமே தொகை குறைந்துவிடும். பணம் கட்டும் திரையிலேயே கணக்கு முடிந்தது. ‘கேஷ்பேக்’ என்று இருந்தால் முழு விலையையும் இன்று கட்ட வேண்டும். ஒரு பகுதி பிற்பாடு திரும்பி வரும். இந்தப் பிற்பாடு என்பது பெரும்பாலும் மூன்று, நான்கு மாதம். அதற்குள் விற்பனைப் பக்கம் காணாமல் போயிருக்கும், விளம்பரம் பொங்கலுக்கு மாறியிருக்கும், எவ்வளவு வர வேண்டும் என்பது வாங்கியவருக்கே மறந்திருக்கும். வங்கியும் கடையும் வேண்டுமென்றே இப்படிச் செய்கிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த மறதியில் மிச்சமாகும் பணம் வாங்கியவர் பக்கம் வருவதில்லை.

திருநெல்வேலியில் இருக்கும் என் அத்தை 2025 அக்டோபர் 11 அன்று ஓர் ஆன்லைன் கடையில் வாஷிங் மெஷினும் மிக்ஸியும் வாங்கினார். மெஷின் 28,490 ரூபாய், மிக்ஸி 3,000 ரூபாய். இரண்டையும் ஒரே கூடையில் போட்டு, தன் கிரெடிட் கார்டில் 31,490 ரூபாயை ஒரே தடவையில் கட்டினார். சலுகை இதுதான்: அக்டோபர் 1 முதல் 20 வரை, அந்த வங்கியின் கார்டில், ஒரே பரிவர்த்தனையில் குறைந்தது 30,000 ரூபாய்க்கு வாங்கினால் 10 சதவீதம் கேஷ்பேக், ஒரு கார்டுக்கு அதிகபட்சம் 3,000 ரூபாய். 31,490-க்குப் பத்து சதவீதம் 3,149. உச்சவரம்பு இருப்பதால் 3,000 வர வேண்டும். இது போக, கடையின் சொந்தக் காயின்களும் உண்டு.

ஜனவரி முதல் வாரத்தில் அத்தை கஸ்டமர் கேருக்கு போன் போட்டார். “இன்னும் டைம் இருக்கு மேடம், வெயிட் பண்ணுங்க” என்றார்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி போட்டபோது, “உங்க ஆர்டர் எலிஜிபிள் இல்ல மேடம், சிஸ்டத்துல அப்படித்தான் காட்டுது” என்றார்கள். அத்தை என்னைக் கூப்பிட்டு, “என்னலே, மூவாயிரம்னு கொட்ட எழுத்துல போட்டிருந்தானே, அதெல்லாம் சும்மாவா?” என்றார்.

சும்மா இல்லை. ஆனால் அந்தக் கொட்டை எழுத்தை வைத்து வங்கியில் யாரும் கணக்குப் போடுவதில்லை என்பதுதான் விஷயம்.

வங்கியில் எவரும் உட்கார்ந்து நம் பில்லைப் படித்துப் பார்த்து கேஷ்பேக் கொடுப்பதில்லை. சலுகை முடிந்ததும், அந்தத் தேதிகளில் நடந்த கார்டுப் பரிவர்த்தனைகளை ஒரு சல்லடையில் போடுகிறார்கள். முதலில், கார்டு சலுகையில் சேர்ந்த வகைதானா என்று பார்ப்பார்கள். கார்டு எண்ணின் முதல் ஆறு அல்லது எட்டு எண்களே அதைச் சொல்லிவிடும். அடுத்து, பணம் எந்தக் கடையின் கணக்குக்குப் போனது. ஒவ்வொரு கடைக்கும் வங்கியுலகில் ஓர் அடையாள எண் இருக்கிறது, சலுகை அந்த எண்ணோடுதான் கட்டப்பட்டிருக்கும். பிறகு தேதி, தொகை. இதில் தேறியவற்றைக் கடையிடம் இருந்து வரும் பட்டியலோடு ஒப்பிட்டு, கேன்சல் ஆனதையும் திருப்பி அனுப்பப்பட்டதையும் கழிப்பார்கள். மீதிக்கு உச்சவரம்பைப் போட்டு, மொத்தமாக வரவு வைப்பார்கள். திருப்பி அனுப்பும் கெடு முடியும்வரை இந்தக் கடைசிப் படியைச் செய்ய முடியாது. கேஷ்பேக்குக்கு இத்தனை மாதம் ஆவதற்கு ஒரு நேர்மையான காரணம் அதுதான்.

சல்லடையின் எந்தக் கண்ணில் நம் பரிவர்த்தனை விழுந்தது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. நிறையப் பேருடையது விழுவது தொகையில்தான். ‘30,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால்’ என்று விளம்பரம் சொல்லும். விதிமுறையோ ‘கார்டில் கழிக்கப்பட்ட நிகரத் தொகை’ என்று சொல்லும். இரண்டும் ஒன்றல்ல. அத்தையிடம் அன்று 1,500 ரூபாய்க்குக் கிஃப்ட் கார்டு இருந்து, அதையும் சேர்த்துப் பயன்படுத்தியிருந்தால் கார்டில் போயிருக்கும் தொகை 29,990. வாங்கியது என்னவோ 31,490-க்குத்தான். ஆனால் பத்து ரூபாய் குறைந்ததற்காக மூவாயிரமும் போயிருக்கும். கூப்பன், பழைய பொருள் எக்ஸ்சேஞ்ச், வாலட் மிச்சம் என்று எது குறுக்கே வந்தாலும் இதே கதைதான். மிச்சம் பிடிப்பதாக நினைத்துப் பழைய வாலட்டைக் காலி செய்பவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

அடுத்தது, பணம் போன வழி. கார்டு எண்ணை நேராகப் போட்டுக் கட்டுவதும், ரூபே கிரெடிட் கார்டை யுபிஐ செயலியில் இணைத்து அதன் வழியாகக் கட்டுவதும் நமக்கு ஒன்றுதான். கடன் அதே கார்டில்தான் ஏறுகிறது. ஆனால் பல சலுகைகளில் யுபிஐ வழியாகப் போனது சேராது. இஎம்ஐ விஷயத்திலும் இப்படித்தான். சில சலுகைகள் இஎம்ஐக்கு மட்டுமே, சில இஎம்ஐ அல்லாததற்கு மட்டுமே. முழுத்தொகையைக் கட்டிவிட்டுப் பிறகு வங்கிச் செயலியில் தவணையாக மாற்றிக்கொண்டால், ‘பணம் கட்டும்போதே இஎம்ஐ’ என்று கேட்கும் சலுகைக்கு அது செல்லாது.

ரிவார்டு பாயிண்ட்களிலும் இப்படி ஓர் அரிப்பு உண்டு. ‘150 ரூபாய்க்கு 2 பாயிண்ட்’ என்றால், 31,490-இல் முழு 150-கள் 209. ஆக 418 பாயிண்ட். மீதி 140 ரூபாய் கணக்கில் வராது. இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, விதியே அப்படி. ஆனால் வாடகை, பெட்ரோல், வாலட்டில் பணம் ஏற்றுவது, இஎம்ஐ ஆகியவற்றுக்குப் பல கார்டுகள் பாயிண்ட்டே தருவதில்லை. இவற்றில் ஒன்று காரணமாக இருந்தால் கடிதம் எழுதிப் பயனில்லை. உங்கள் கார்டு விலக்கியிருப்பவை எவை என்பதை முதலில் பார்த்துவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

அத்தையின் பரிவர்த்தனையில் இவை எதுவும் இல்லை. கிஃப்ட் கார்டு இல்லை, யுபிஐ இல்லை, இஎம்ஐ இல்லை, எதையும் திருப்பி அனுப்பவும் இல்லை. இன்வாய்ஸ்களை எடுத்து வைத்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. வாஷிங் மெஷினை விற்றவர் ஒருவர், மிக்ஸியை விற்றவர் வேறொருவர். ஆகவே பணம் ஒரே தடவையில் போயிருந்தாலும், கடை அதை இரண்டு ஆர்டராகப் பிரித்து இரண்டு எண் கொடுத்திருந்தது. வங்கிக்குப் போன பட்டியலில் 28,490-க்கு ஓர் ஆர்டர், 3,000-க்கு ஓர் ஆர்டர். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே முப்பதாயிரத்தைத் தொடவில்லை. ‘எலிஜிபிள் இல்ல’ என்று சிஸ்டம் காட்டியது இதனால்தான்.

ஆனால் விதிமுறையில் இருந்த சொல் ‘ஆர்டர்’ அல்ல, ‘பரிவர்த்தனை’. கார்டு ஸ்டேட்மென்ட்டில் அக்டோபர் 11 தேதியில் ஒரே வரி: 31,490. ஆக, விதிப்படி அத்தை சொல்வதுதான் சரி. இதைப் போனில் சொல்லிப் புரியவைக்க முடியாது. எதிர்முனையில் இருப்பவரின் திரையில் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்றுதான் வரும். அதைத் திருத்தும் அதிகாரம் அவருக்கு இல்லை. கார்டு கஸ்டமர் கேரில் சில வருடம் வேலை பார்த்த நண்பர் ஒருவர் சொன்னார்: “கோபமா பேசுறவங்க புகாரை ‘கஸ்டமர் அதிருப்தி’ன்னு ஒரு வரியில பதிவோம். விதியையும் தேதியையும் எழுதி அனுப்புறவங்க புகாரை அப்படி மூட முடியாது, உள்ளே அனுப்பித்தான் ஆகணும்.”

எழுதுவதற்கு முன் நாளைக் கணக்குப் பார்க்க வேண்டும். ‘90 நாளுக்குள்’ என்றால் எங்கிருந்து 90? வாங்கிய நாளில் இருந்து என்றால் ஜனவரி 9-ஆம் தேதி முடிகிறது. சலுகை முடிந்த நாளான அக்டோபர் 20-இல் இருந்து என்றால் ஜனவரி 18. அத்தையின் சலுகையில் இருந்தது இரண்டாவது. ஜனவரி முதல் வாரத்தில் ‘வெயிட் பண்ணுங்க’ என்று சொன்னது அந்த வகையில் நியாயம்தான். கெடுவுக்கு முன்னால் அனுப்பும் கடிதம் ‘காத்திருக்கவும்’ என்ற ஒரே பதிலோடு மூடப்பட்டுவிடும். ரொம்பவும் தள்ளிப்போட்டாலும் ஆபத்து. சில சலுகைகளில், குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு வரும் புகார்கள் ஏற்கப்பட மாட்டாது என்று அடியில் ஒரு வரி இருக்கும். கெடு முடிந்த மறுவாரம் எழுதுவதுதான் சரியான காலம்.

அதற்கு விதிமுறை கையில் இருக்க வேண்டும். இதுதான் பலரும் வழுக்கும் இடம். சலுகைப் பக்கம் அக்டோபர் 21-ஆம் தேதியே மறைந்துவிடலாம். வாங்குகிற அன்றே, பணம் கட்டுவதற்கு முன், ‘விதிமுறைகள்’ என்ற இணைப்பைத் திறந்து பிடிஎஃப்பாகச் சேமித்துக்கொள்ள வேண்டும். ஸ்கிரீன்ஷாட் எடுப்பதானால் மேலே இணைய முகவரியும் போனின் தேதியும் தெரியும்படி எடுக்க வேண்டும். விளம்பரப் படத்தை மட்டும் எடுத்து வைப்பது போதாது; படத்தில் உடுக்குறி இருக்கும், அந்தக் குறிக்கு உண்டான விளக்கம் வேறு பக்கத்தில் இருக்கும். அத்தை எதையும் சேமிக்கவில்லை. ஆனால் ஆர்டர் போட்டுக் கொடுத்த அவர் மகள், பழக்கதோஷத்தில் விதிமுறைப் பக்கத்தைத் தன் வாட்ஸ்அப்பில் தனக்கே அனுப்பி வைத்திருந்தாள். அது இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையே இல்லை.

ஜனவரி 20-ஆம் தேதி, வங்கியின் இணையதளத்தில் இருந்த புகார் மின்னஞ்சலுக்கு அனுப்பிய கடிதம் இது. எண்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

பொருள்: சலுகைக் கேஷ்பேக் ரூ. 3,000 வரவு வைக்கப்படாதது. கார்டின் கடைசி எண்கள் 4417

ஐயா / அம்மா,

உங்கள் வங்கியின் தீபாவளி சலுகையில் (01.10.2025 முதல் 20.10.2025 வரை) எனக்கு வர வேண்டிய ரூ. 3,000 கேஷ்பேக் இதுவரை வரவு வைக்கப்படவில்லை.

பரிவர்த்தனை விவரம்: தேதி 11.10.2025. தொகை ரூ. 31,490. முழுத் தொகையும் மேற்கண்ட கிரெடிட் கார்டில், கடையின் செயலியில், ஒரே தடவையில் செலுத்தப்பட்டது. யுபிஐ, வாலட், கிஃப்ட் கார்டு, இஎம்ஐ எதுவும் பயன்படுத்தப்படவில்லை. எந்தப் பொருளும் திருப்பி அனுப்பப்படவில்லை.

விதிமுறை 3: “ஒரே பரிவர்த்தனையில் குறைந்தபட்சம் ரூ. 30,000.” என் பரிவர்த்தனை ரூ. 31,490.
விதிமுறை 4: “10 சதவீதம், ஒரு கார்டுக்கு அதிகபட்சம் ரூ. 3,000.” இதன்படி எனக்கு வர வேண்டியது ரூ. 3,000.
விதிமுறை 9: “சலுகை முடிந்த 90 நாட்களுக்குள் வரவு வைக்கப்படும்.” இந்தக் கெடு 18.01.2026 அன்று முடிந்துவிட்டது.

19.01.2026 அன்று தொலைபேசியில், என் ஆர்டர் தகுதி பெறவில்லை என்று கூறினார்கள். விற்பனையாளர்கள் இருவர் என்பதால் கடை இதற்கு இரண்டு ஆர்டர் எண்கள் (5520871, 5520872) தந்துள்ளது. ஆனால் விதிமுறை 3 ஆர்டரைப் பற்றிப் பேசவில்லை, பரிவர்த்தனையைப் பற்றிப் பேசுகிறது. பரிவர்த்தனை ஒன்றுதான் என்பதை இணைத்துள்ள ஸ்டேட்மென்ட் காட்டும்.

ரூ. 3,000-ஐ வரவு வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். மறுப்பதாக இருந்தால், எந்த விதிமுறையின்படி மறுக்கிறீர்கள் என்பதை அதன் எண்ணோடு எழுத்தில் தெரிவிக்கவும். இந்தப் புகாருக்கான பதிவு எண்ணையும் தரவும்.

இணைப்பு: விதிமுறைப் பக்கம், இரண்டு இன்வாய்ஸ்கள், அக்டோபர் ஸ்டேட்மென்ட்டில் உரிய பக்கம்.

இவ்வளவுதான். ‘ஏமாற்றுகிறீர்கள்’ என்றோ ‘பல வருட வாடிக்கையாளர்’ என்றோ ஒரு சொல் இல்லை. அத்தைக்கு இதில் வருத்தம். “நாலு வார்த்தை நறுக்குன்னு கேக்காண்டாமா?” என்றார். கேட்கலாம்தான். ஆனால் படிப்பவர் பதில் சொல்ல வேண்டிய இடம் அந்த நாலு வார்த்தையாகிவிடும்; ‘சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று எழுதி மூடிவிடுவார்.

இந்தக் கடிதத்தில் உண்மையாக வேலை செய்வது, இல்லாதவற்றைச் சொல்லும் அந்த இரண்டு வரிகள். யுபிஐ இல்லை, கிஃப்ட் கார்டு இல்லை, இஎம்ஐ இல்லை, ரிட்டர்ன் இல்லை. பதில் எழுதுபவர் வழக்கமாகக் கேட்கும் நான்கு கேள்விகளும் அங்கேயே அடைபட்டுவிடுகின்றன. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு மடல், ஒவ்வொரு மடலுக்கும் ஒரு வாரம் என்று இழுப்பதற்கு இடமில்லை. அடுத்ததாக, விதிமுறையின் சொற்களை மாற்றாமல் அப்படியே மேற்கோளாகப் போட்டு, பக்கத்திலேயே நம் எண்ணைப் போடுவது. படிப்பவர் எங்கும் தேட வேண்டாம். மறுப்பதென்றால் விதி எண்ணைச் சொல்லுங்கள் என்று கேட்டது மூன்றாவது. ‘சிஸ்டத்தில் அப்படிக் காட்டுகிறது’ என்பதைப் போனில் சொல்லலாம், எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட யாருக்கும் மனம் வராது.

கடிதத்தில் இருக்கக் கூடாததும் உண்டு. முழுக் கார்டு எண் வேண்டாம். கடைசி நான்கு எண்கள் போதும். பின்பக்கத்து மூன்று எண்கள், ஓடிபி, பின் ஆகியவற்றைப் புகாருக்காக எவரும் கேட்க மாட்டார்கள். ஸ்டேட்மென்ட்டை அனுப்பும்போதும், அந்த ஒரு வரியைத் தவிர மற்றச் செலவுகளை மறைத்துவிட்டு அனுப்பலாம். கோபத்தில் சமூக ஊடகத்தில் போன் நம்பரோடு எழுதுகிறவர்களுக்கு வரும் முதல் பதில் பல சமயம் வங்கியிடம் இருந்து வருவதில்லை. வங்கியின் பெயரையும் படத்தையும் வைத்திருக்கும் போலிக் கணக்கு வரும். ‘கேஷ்பேக் வந்துவிட்டது, பெற்றுக்கொள்ள யுபிஐ பின் போடுங்கள்’ என்று கேட்கும். பணம் வாங்குவதற்குப் பின் தேவையே இல்லை. பின் போட்டால் பணம் போகத்தான் செய்யும். ‘உங்கள் ரிவார்டு பாயிண்ட் இன்றோடு காலாவதி’ என்று ஓர் இணைப்போ, நிறுவச் சொல்லி ஒரு செயலியோ வந்தாலும் அதே திருட்டுதான். மாட்டிக்கொண்டால் உடனே கூப்பிட வேண்டிய எண் 1930.

புகாரை யாருக்கு அனுப்புவது என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கடையைக் கேட்டால் வங்கி என்பார்கள், வங்கியைக் கேட்டால் கடை என்பார்கள். விதிமுறையின் முதல் சில வரிகளில் ‘இச்சலுகையை வழங்குவது’ என்று ஒரு பெயர் இருக்கும். கடிதம் அவர்களுக்கே போக வேண்டும். மற்றவருக்கு ஒரு நகல். மூன்றாவதாக ஒரு வகையும் உண்டு: பொருளைத் தயாரித்த நிறுவனம் தரும் கேஷ்பேக். பெரும்பாலும் அது தானாக வராது. வாங்கிய சில நாட்களுக்குள் இன்வாய்ஸையும் பொருளின் சீரியல் எண்ணையும் அவர்கள் தளத்தில் பதிய வேண்டும். பதியாமல் விட்டுவிட்டு வங்கியோடு சண்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வங்கி தரும் சலுகை என்றால், முதல் பதில் திருப்தியாக இல்லாதபோது அதே வங்கியின் நோடல் அதிகாரிக்கு எழுதலாம். அவரது முகவரி வங்கியின் இணையதளத்தில் இருக்கும். எழுத்தில் புகார் கொடுத்து 30 நாட்களாகியும் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். `cms.rbi.org.in` என்ற தளத்தில் பதியலாம். சந்தேகம் கேட்க 14448. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். இந்த 30 நாள் ஓடத் தொடங்குவது எழுத்தில் கொடுத்த புகாரில் இருந்துதான். பதிவு எண் கேட்டதற்கு அதுதான் காரணம். வங்கிக்கு முதலில் எழுதாமல் நேரே அங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கடை தந்த வாக்கு என்றால் குறைதீர்ப்பாளர் தலையிட மாட்டார். அவர் எல்லை வங்கிகளோடும் அவற்றைப் போன்ற நிதி நிறுவனங்களோடும் சரி. ஆன்லைன் கடைகளுக்கு 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகள் இருக்கின்றன. ஒவ்வொரு கடையும் ஒரு குறைதீர் அதிகாரியை நியமித்து அவர் பெயரையும் தொடர்பையும் தளத்தில் போட வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கஸ்டமர் கேர் சாட்டில் மணிக்கணக்காக அடித்துக்கொண்டிருப்பதற்குப் பதில் இவருக்கு ஒரு மடல் அனுப்புவது எவ்வளவோ மேல். அப்படியும் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். அவர்களால் கடைக்கு உத்தரவு போட முடியாது, புகாரைக் கடைக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள். மூவாயிர ரூபாய் சமாச்சாரங்களில் பல நேரம் அதுவே போதுமானது.

அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளின் விலை ஐந்து லட்சத்துக்கு உட்பட்டிருந்தால் வழக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். மூவாயிரத்துக்காக நான் போவேனா என்று கேட்டால், மாட்டேன். ஆனால் மறுப்புக் கடிதத்தில் விதி எண்ணே இல்லாமல் ‘சலுகையை எப்போது வேண்டுமானாலும் மாற்றும் உரிமை வங்கிக்கு உண்டு’ என்ற ஒற்றை வரி வந்திருந்தால் யோசிப்பேன். அந்த வரி எல்லா விதிமுறைகளின் அடியிலும் இருக்கிறது. நாளைக்குச் சலுகையை நிறுத்தும் உரிமை என்று அதைப் புரிந்துகொள்ளலாம். சலுகை நடந்தபோதே அதை நம்பிப் பொருள் வாங்கி முடித்தவரின் பாக்கியை, பின்னால் அந்த வரியைக் காட்டி அழிப்பது நியாயமாக எனக்குப் படவில்லை. இந்த வாதத்தை மேல்முறையீட்டுக் கடிதத்தில் எழுதலாம்.

அத்தைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. ‘சரிபார்க்கிறோம்’ என்று ஒரு மடல் வந்தது, பிறகு சத்தமில்லை, பிப்ரவரி ஸ்டேட்மென்ட்டில் 3,000 வரவாகியிருந்தது. இங்கே ஒரு எச்சரிக்கை: இப்படி வரும் கேஷ்பேக்கைப் பல வங்கிகள் அந்த மாதக் கார்டு பாக்கிக்கான கட்டணமாக எடுத்துக்கொள்வதில்லை. மூவாயிரம்தான் வந்துவிட்டதே என்று அந்த மாதம் குறைத்துக் கட்டினால் தாமதக் கட்டணமும் வட்டியும் விழலாம். கட்ட வேண்டியதை முழுதாகக் கட்டிவிடுவது நல்லது. வரவு அடுத்த பில்லில் கழியும்.

காயின் விஷயம் தனிக்கதை. கடையின் விதிப்படி 100 ரூபாய்க்கு 4 காயின், ஓர் ஆர்டருக்கு அதிகபட்சம் 50. வாஷிங் மெஷின், மிக்ஸி இரண்டுமே உச்சவரம்பைத் தாண்டுகின்றன; இரண்டு ஆர்டர் என்றால் 100 காயின் வர வேண்டும். வந்தது 50. வங்கிக்குப் போன பட்டியலில் இதை இரண்டாகப் பிரித்துக் காட்டியவர்கள், காயின் கொடுக்கும்போது ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள்! ஆர்டர் எண்கள் இரண்டையும் இன்வாய்ஸோடு இணைத்து, ‘ஓர் ஆர்டருக்கு’ என்ற அவர்கள் சொல்லையே மேற்கோள் காட்டி, குறைதீர் அதிகாரிக்கு இன்னொரு கடிதம் போனது. மீதி 50 காயின் வந்துவிட்டது. ஆனால் காலாவதித் தேதியை வாங்கிய அக்டோபரில் இருந்தே கணக்கிட்டிருந்தார்கள்; கைக்கு வந்தபோது அதில் சில வாரங்களே பாக்கி. காயினோ பாயிண்ட்டோ கேட்டு எழுதுகிறவர்கள், ‘தாமதம் உங்களுடையது என்பதால் காலாவதியை வரவு வைக்கும் நாளில் இருந்து கணக்கிடவும்’ என்ற வரியை முதல் கடிதத்திலேயே சேர்த்துவிடலாம். நாங்கள் அதற்கென்று மூன்றாவதாக ஒரு கடிதம் எழுத வேண்டி வந்தது, அதற்கு இன்னும் பதில் வரவில்லை.